அட்டா (வங்காளிகளின் நண்பர் பேச்சு)

அட்டா என்பது வங்காள மொழிச் சொல். நண்பர்கள் சிலர் வழக்கமான ஓர் இடத்தில், எந்த வேலையையும் கருதாமல் கூடி, நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பதை இச்சொல் குறிக்கும். மேற்கு வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் இது அன்றாடச் சொல். எழுத்தில் 'அட்டா' என்று வந்தாலும், நடு எழுத்தை 'வண்டி' என்பதில் வரும் 'டி' போல மென்மையாக ஒலிக்க வேண்டும். சப்பாத்திக்குப் பிசையும் ஆட்டா மாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆங்கிலத்தில் இச்சொல்லைச் 'சாட்' என்றும், தமிழில் 'அரட்டை' என்றும் மொழிபெயர்ப்பது வழக்கம். இரண்டுமே பேச்சை மட்டும் குறிக்கும் சொற்கள். அட்டாவோ முதலில் இடத்தையும், பிறகு அங்கே கூடும் ஆட்களையும், அதன் பிறகே பேச்சையும் குறிக்கிறது. மொழிபெயர்ப்பில் விடுபட்டுப் போவது முதல் இரண்டும்தான்.

## சொல்லின் பொருள்

இந்தி பேசும் ஊர்களில் பேருந்து நிலையத்தை 'பஸ் அட்டா' என்பார்கள். விமான நிலையம் 'ஹவாய் அட்டா'. வந்து நிற்கும் இடம், கூடும் இடம், தங்கும் இடம் என்பதே அங்கு இச்சொல்லின் பொருள். பறவை வந்து அமரும் கொம்புக்கும் இப்பெயர் உண்டு. வங்காளத்திலும் இந்தப் பழைய பொருள் மறைந்துவிடவில்லை. சூதாடிகள் கூடும் இடம் சூதாட்ட அட்டா. திருடர்கள் பதுங்கும் இடம் திருட்டு அட்டா. ஆகவே, இச்சொல்லுக்குத் தொடக்கத்தில் நல்ல பெயர் இருந்தது என்று சொல்ல முடியாது. வேலையற்றவர்கள் கூடிக் கிடக்கும் இடம் என்ற ஏளனம் அதில் ஒட்டியிருந்தது. நண்பர்களின் பேச்சுக்கு உரிய மதிப்பான பெயராக அது மாறியது பிற்காலத்தில்தான்.

இச்சொல்லோடு சேர்ந்து வரும் வினைகளைக் கவனித்தால் பொருள் இன்னும் தெளிவாகும். வங்காளத்தில் அட்டாவை 'அடிக்கலாம்'. தமிழில் 'அரட்டை அடித்தான்' என்று சொல்வது போன்றதே இது. ஆனால் அதோடு நிற்பதில்லை. அட்டாவைக் 'கொடுக்கவும்' செய்வார்கள். நண்பர்களோடு உட்கார்ந்து பேசுகிறவன் தன் நேரத்தையும் தன்னையும் அந்தக் கூட்டத்துக்குக் கொடுக்கிறான் என்பது போன்ற ஒரு வழக்கு அது. தமிழில் அரட்டையைக் கொடுக்க முடியாது.

அட்டா 'அமரும்' என்றும் சொல்வார்கள். சபை கூடியது, சந்தை கூடியது என்று தமிழில் சொல்வதைப் போல, 'நேற்று அவர் வீட்டில் அட்டா அமர்ந்தது' என்பார்கள். கடைசியாக, அட்டா 'உறையும்'. பால் தயிராக உறைவதற்கும் தண்ணீர் பனிக்கட்டியாக உறைவதற்கும் வங்காளத்தில் 'ஜொமா' என்ற வினை வரும். பேச்சு சூடுபிடித்து, எல்லாரும் அதில் ஒன்றிவிட்ட நிலையை அதே வினையால் சொல்கிறார்கள். பால் உறைய நேரம் வேண்டும். பாத்திரத்தை அசைக்காமல் ஓரிடத்தில் வைக்கவும் வேண்டும். இவ்வினைக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் 'களைகட்டுதல்'. ஆனால் தமிழில் கச்சேரி களைகட்டும், திருவிழா களைகட்டும். அரட்டை களைகட்டியது என்று கேலியாகச் சொன்னால் உண்டு.

## அட்டா அமரும் இடங்கள்

அட்டாவின் வரலாறு பெரும்பாலும் கொல்கத்தா நகர வீடுகளின், தெருக்களின், கடைகளின் வரலாறுதான்.

வசதியுள்ள வீடுகளில் வெளியார் வந்து உட்கார 'பைட்டக்கானா' என்ற முன்கூடம் இருந்தது. அங்கே வீட்டுக்காரரே நடுநாயகம். வந்தவர்கள் அவரைச் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். பாட்டும் உணவும் அவர் செலவு. இத்தகைய கூட்டத்தை மஜ்லிஸ் என்றும் சொன்னார்கள். வரலாற்றாசிரியர் தீபேஷ் சக்ரபர்த்தி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அட்டாவுக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியுள்ளார். ஒரு புரவலரைச் சுற்றிய மஜ்லிஸிலிருந்து, யாரும் யாருக்கும் கட்டுப்படாத நண்பர் கூட்டமாக அட்டா மாறி வந்ததை அவர் அதில் விளக்குகிறார். அவரவர் காபிக்கு அவரவர் காசு கொடுக்கும் இடத்தில் உட்காரும்போது, யாரும் யாருக்கும் விருந்தாளி அல்ல.

இரண்டாவது இடம் 'ரோவாக்'. பழைய கொல்கத்தா வீடுகளில் தெருவை ஒட்டி, வாசலின் இருபுறமும் நீளும் சிமெண்டுத் திட்டு இது. தமிழ்நாட்டுத் திண்ணைக்கு உறவு. நாராயண் கங்கோபாத்யாய் சிறுவர்களுக்காக எழுதிய டெனிதா கதைகளில் நான்கு பையன்கள் கூடிப் பேசுவது சாட்டர்ஜி குடும்பத்து வீட்டின் ரோவாக்கில்தான். அந்தப் பேச்சிலிருந்தே கதை தொடங்கும். நாள் முழுதும் ரோவாக்கிலேயே கிடக்கும் இளைஞர்களுக்கு 'ரக்பாஜ்' என்று ஒரு வசைப் பெயரும் ஏற்பட்டது.

மூன்றாவது இடம், வெளியூரிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள் தங்கிய மெஸ் வீடுகள். பிரேமேந்திர மித்ரா 1945 முதல் எழுதிய கனாதா கதைகள் அப்படிப்பட்ட ஒரு மெஸ்ஸில் நடப்பவை. மாலையில் பையன்கள் கூடுவார்கள். கனாதா நம்ப முடியாத சாகசங்களை அள்ளிவிடுவார். பொய் என்று தெரிந்தும் மறுநாள் மீண்டும் வந்து உட்காருவார்கள்.

நான்காவது இடம் தேநீர்க் கடையும் காபி ஹவுஸும். கொல்கத்தா கல்லூரித் தெருவில் பிரசிடென்சி பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள காபி ஹவுஸ் இவற்றில் பெயர்பெற்றது. பழைய ஆல்பர்ட் ஹாலில், உயர்ந்த கூரையும் மேல்தளச் சுற்றும் கொண்ட பெரிய கூடத்தில் அது இயங்குகிறது. அங்கே பால் சேர்க்காத காபிக்கு 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். ஒரு கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது அங்கு வழக்கம். எழுந்து போகச் சொல்லி யாரும் முகம் சுளிப்பதில்லை. மன்னா தே 1983-இல் பாடிய புகழ்பெற்ற பாட்டு ஒன்று இந்தக் காபி ஹவுஸ் அட்டாவைப் பற்றியது. அன்று ஒரே மேசையில் கூடிய ஏழு நண்பர்களில் இன்று யார் எங்கே இருக்கிறார்கள் என்று அது ஒவ்வொருவராக எண்ணிப் பார்க்கிறது.

## அட்டா நடக்கும் விதம்

அட்டாவுக்கு அழைப்பிதழ் இல்லை, தலைவர் இல்லை, தலைப்பும் இல்லை. ஆனாலும் அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. நாகமலை புதுக்கோட்டையில், மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். தினமும் மாலை ஆறு மணிக்கு அங்கே ஐந்து பேர் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஓய்வுபெற்ற கல்லூரி எழுத்தர், ஒருவர் மின்வேலை செய்பவர், ஒருவர் பல்கலைக்கழக ஆய்வு மாணவர், இருவர் பக்கத்துத் தெருக்காரர்கள்.

ஒருவர் வாழைத்தார் விலையில் பேச்சைத் தொடங்குகிறார். அது வைகையில் தண்ணீர் வந்த கதைக்குப் போகிறது. அங்கிருந்து முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குத் தாவுகிறது. ஆய்வு மாணவர் ஓர் ஆண்டைத் தவறாகச் சொல்ல, எழுத்தர் மறுக்கிறார். கால் மணி நேரம் வாக்குவாதம். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இதற்கிடையே மின்வேலைக்காரர் தன் தாத்தா தண்ணீர் திருப்பப் போன இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். வாக்குவாதம் முடிவு காணாமலே அப்படியே நின்றுவிடுகிறது. எட்டு மணிக்கு ஒருவர், "சரிப்பா, நாளைக்குப் பாப்போம்" என்று எழுகிறார்.

இதை அட்டா என்று சொல்வதற்கான அடையாளங்கள் இக்காட்சியிலேயே உள்ளன. முதலாவது, பேச்சு எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் அது கூட்டமாகிவிடும். இரண்டாவது, வாக்குவாதம் உண்டு, பகை இல்லை. மறுநாளும் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். சொல்லின் கூர்மையை அந்த நினைப்பே மட்டுப்படுத்துகிறது. மூன்றாவது, வயதும் பதவியும் பேச்சுக்குள் நுழைவதில்லை. எழுத்தரை மாணவர் 'சார்' என்றுதான் அழைப்பார். ஆனால் மறுத்துப் பேசத் தயங்க மாட்டார். நான்காவது, பேசாமல் இருப்பவருக்கும் அங்கே இடம் உண்டு. தெருக்காரர்களில் ஒருவர் இரண்டு மணி நேரத்தில் நான்கு வாக்கியம் பேசியிருக்கலாம். அவரும் அட்டாவில் இருந்தவர்தான்.

அட்டா கெட்டுப்போவதையும் எளிதில் அறியலாம். ஒருவரே பேசி மற்றவர்கள் கேட்கத் தொடங்கினால் அது சொற்பொழிவு. ஒருவர் கடன் கேட்கவோ ஓட்டுக் கேட்கவோ வந்தால், பேச்சு உடனே இறுகிவிடும். எல்லாரும் எதிலும் ஒத்துப்போனால் அரை மணியில் பேச்சு வற்றும். ஊரிலுள்ள மற்றவர்களைப் பற்றிய புறணி மட்டுமே மிஞ்சினால், அது வம்பளப்பு. நாள் குறித்து, ஏற்பாடு செய்து, 'இன்று அட்டா நடத்துவோம்' என்று கூட்டினாலும் பெரும்பாலும் உறைவதில்லை.

## 'சாட்', 'அரட்டை' என்னும் சொற்கள் ஏன் போதவில்லை

ஆங்கிலச் 'சாட்' சிறு பேச்சு. வழியில் பார்த்தவரோடு ஐந்து நிமிடம் பேசினாலும் அது சாட்தான். இன்று அச்சொல் கைபேசித் திரையில் தட்டச்சுச் செய்யும் செய்திகளுக்கே பெரிதும் வழங்குகிறது. தமிழில் 'அரட்டை'யும் அதே வழியில் போய், இணைய உரையாடலுக்கான கலைச்சொல்லாகிவிட்டது. அப்பெயரிலேயே ஒரு கைபேசிச் செயலியும் உண்டு. தொலைக்காட்சியில் விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' நிகழ்ச்சியில் அரட்டை மேடையேறியது. அங்கே தலைப்பும் நடத்துநரும் பார்வையாளரும் இருந்ததால், அதுவும் அட்டா அல்ல.

முன்பு சொன்ன ஐந்து பேரையே ஒரு கைபேசிக் குழுவில் சேர்த்துவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். பென்னிகுவிக் பற்றிய ஆண்டுத் தகராறு அங்கே அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். யாராவது தேடி எடுத்து ஒட்டிவிடுவார்கள். தாத்தாவின் கதைக்கு வழி திறந்திருக்காது. நான்கு வாக்கியம் மட்டும் பேசுகிற தெருக்காரர் அங்கே இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. தேநீர்க் கடையில் அவர் ஒரு நாள் வராவிட்டால், "எங்கப்பா ஆளைக் காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஒருவராவது கேட்பார். மறுநாளும் வராவிட்டால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். கைபேசிக் குழுவில் ஒருவர் பத்து நாள் மௌனமாக இருந்தாலும் யாருக்கும் உறைக்காமல் போகலாம்.

ஒரு பேச்சு அட்டாவா அரட்டையா என்று பிரித்தறிய இதுவே நல்ல சோதனை. வராதவரை அட்டா தேடும். அரட்டைக்கு யார் அகப்பட்டாலும் போதும்.

## திருநெல்வேலி வட்டத்தொட்டி

தமிழகத்தில் அட்டாவுக்கு இணை தேடினால் முதலில் நினைவுக்கு வருவது இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டி. வழக்கறிஞரான டி.கே.சி., திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்த தம் வீட்டில் 1920-களில் நண்பர்களைச் சேர்த்து இலக்கியம் பேசத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இந்தச் சந்திப்பு நடந்தது. வீட்டின் நடுவே, தொட்டிக்கட்டு என்று சொல்லப்படும் திறந்த முற்றம் வட்டமாக அமைந்திருந்தது. அங்கே உட்கார்ந்து பேசியதால், கூடியவர்களுக்கே 'வட்டத்தொட்டி' என்று பெயர் வந்துவிட்டது. தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், அ. சீனிவாச ராகவன், நீதிபதி எஸ். மகராஜன் முதலியோர் இந்த வட்டத்தோடு இணைத்துப் பேசப்படுபவர்கள். டி.கே.சி. 1954-இல் மறைந்தார்.

இடத்தின் பெயர் ஆட்களுக்கு ஆகி, ஆட்களின் பெயர் அவர்கள் பேச்சுக்கும் ஆகிவந்ததைக் கவனிக்க வேண்டும். வங்காளத்தில் 'அட்டா' என்ற சொல் நடந்து வந்த அதே பாதை இது. ஆனால் வட்டத்தொட்டி ஒரே ஒரு வீட்டின் சிறப்புப் பெயராகவே நின்றுவிட்டது. 'எங்கள் தெருவிலும் ஒரு வட்டத்தொட்டி உண்டு' என்று யாரும் சொல்வதில்லை. அட்டாவோ எல்லாத் தெருவுக்கும் உரிய பொதுச்சொல்லாயிற்று.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வட்டத்தொட்டிக்கு ஒரு மையம் இருந்தது. டி.கே.சி. கம்பன் பாடலைச் சொல்லி, அதன் நயத்தை எடுத்துக்காட்ட, நண்பர்கள் சேர்ந்து சுவைத்தார்கள். வீடும் விருந்தும் அவருடையவை. அந்த வகையில் அது காபி ஹவுஸ் மேசையைவிட, கொல்கத்தாவின் பழைய பைட்டக்கானாவுக்கே நெருக்கமானது. இது குறை அல்ல, வேறு வகை.

## எல்லைகள்

அட்டாவைப் பற்றி எழுதுபவர்கள் பலர் அதன் இனிமையை மட்டும் சொல்லி முடித்துவிடுவது உண்டு. நீண்ட காலம் அது ஆண்களின் உலகமாகவே இருந்தது. பைட்டக்கானாவில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, தேநீரும் பலகாரமும் உள்ளிருந்து வந்துகொண்டிருந்தன. ஓர் ஆண் மூன்று மணி நேரம் கவலையின்றிப் பேச வேண்டுமானால், அந்த மூன்று மணி நேரத்துக்குரிய வீட்டு வேலையை வேறொருவர் செய்தாக வேண்டும். கல்லூரிகளில் பெண்கள் படிக்க வந்து, காபி ஹவுஸ் மேசைகளில் அமர்ந்த பின்பே இது சிறிது மாறியது. தமிழ்நாட்டுத் திண்ணைக்கும் தேநீர்க் கடைப் பெஞ்சுக்கும் இக்குறை இன்றும் பொருந்தும். நாகமலை புதுக்கோட்டைக் கடையில் கூடுவதாகச் சொன்ன ஐந்து பேரும் ஆண்கள் என்றே வாசகர் எடுத்துக்கொண்டிருப்பார்.

அட்டா சோம்பேறித்தனம் என்ற குற்றச்சாட்டும் பழையது. அதற்கு நேர் எதிராக, அட்டா வங்காளியின் தனிச்சொத்து என்ற பெருமையும் உண்டு. சத்யஜித் ராய் 1991-இல் எடுத்த 'ஆகந்துக்' படத்தில் இந்தப் பெருமையையே ஒரு பாத்திரம் பேசுகிறது. பல நாடுகள் சுற்றி வந்த மன்மோகன் மித்ரா அதற்கு மறுமொழியாக, பழைய கிரேக்கர்கள் உடற்பயிற்சிக் கூடங்களில் கூடி நடத்திய உரையாடல்களை எடுத்துக்காட்டுகிறார். அவையும் அட்டாதான், தரத்தில் உயர்ந்த அட்டா என்பது அவர் வாதம். கூடிப் பேசுவது எந்த ஒரு மொழியினருக்கும் தனியுரிமை அல்ல. அதற்கு ஒரே சொல்லில் பெயர் வைத்திருப்பதே வங்காளத்தின் சிறப்பு.

இன்று அடுக்குமாடி வீடுகளில் ரோவாக் இல்லை. மதுரையைச் சுற்றிய ஊர்களில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் திண்ணையும் அரிதாகிவிட்டது; சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. உட்காரும் இடம் போனால், அட்டா என்ற சொல் பேச்சை மட்டும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிடக்கூடும்.

## தமிழில் எப்படிச் சொல்வது

'உரையாடல்' என்பது முறைப்படியான சொல். 'அளவளாவுதல்' பொருளில் நெருங்கி வந்தாலும், பேச்சு வழக்கில் இல்லை. 'திண்ணைப் பேச்சு' இடத்தைச் சொல்கிறது; ஆனால் பயனற்ற பேச்சு என்ற இளக்காரம் அதில் உண்டு. 'வெட்டிப் பேச்சு' வசை. அரட்டையின் குறை மேலே சொல்லப்பட்டது. ஆகவே மொழிபெயர்ப்பாளர்கள் 'அட்டா' என்றே எழுதி, முதல் இடத்தில் ஒரு விளக்கம் தருவது நல்லது.

ஒரு சொல் இல்லாவிட்டாலும், தமிழில் இதற்கு ஒரு வாக்கியம் இருக்கிறது. இரவு தாமதமாக வீட்டுக்கு வந்தவரிடம், "இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டால், மதுரைப் பக்கத்தில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "சும்மா உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம்." இதில் 'சும்மா' என்பது நோக்கம் எதுவும் இல்லாததைச் சொல்கிறது. 'உக்காந்து' என்பது இடத்தைச் சொல்கிறது. 'பேசிக்கிட்டு இருந்தோம்' என்பது நேரத்தையும், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதையும் சொல்கிறது. ஒருவரை மட்டும் கேட்ட கேள்விக்குப் பதில் 'நாங்கள்' என்று வருவதையும் கவனிக்கலாம். வங்காளி 'அட்டா' என்று ஒரு சொல்லில் சொல்லும் பதிலும் இதுவே.